118/274: ஒரு முறைப்பாட்டுப் பிரதியும் அதிலிருந்த நான்கு எண்களும்

ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஒரு அண்ணா. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு: "தங்கச்சி, மகளின்ர கல்யாணத்துக்குத் திருச்சியில இருந்து வந்த பெரியப்பாட பாஸ்போர்ட் தொலைஞ்சிட்டுது. பொலிஸ்ல போட்டாச்சு. இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லும். வியாழன் ஃப்ளைட்."

நான் வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு, இவைதான் என் அன்றாடம். தொலைந்த ஆவணங்களுக்கான பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகளும் மாதத்துக்கு நாலைந்து வரும். ஒரு பக்கம்தான் இருக்கும், அரை மணி நேர வேலை என்று தோன்றும். அந்த ஒரு பக்கத்தைச் சரியாக வாசிக்காததால் ஒரு மனிதர் மூன்று நாட்களை எப்படி இழந்தார் என்பதையும், அதை எப்படி நேராக்கினோம் என்பதையும் எழுதுகிறேன். பெரியவர் எழுதச் சொல்லிச் சம்மதம் தந்தார். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

2025 மார்ச் 6, வியாழக்கிழமை. பெரியவருக்கு 67 வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். புறக்கோட்டையில் சேலை பார்த்துவிட்டு, பாணந்துறை போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கியிருக்கிறார். இறங்கும்போது தோள்பை இருந்தது, பைக்குள்ளே கடவுச்சீட்டு வைத்திருந்த சிறிய தோல் உறை இல்லை. பஸ்ஸில் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தது நினைவிருக்கிறது, மூடியது நினைவில்லை. அன்று மாலையே காலி வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு செய்தார்கள். கூடப் போனவர் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த வேனின் சாரதி. ஹட்டன் பக்கத்துத் தமிழர், சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிப்பது கொஞ்சம் மெதுவாகத்தான். பெரியவர் தமிழில் சொல்ல, சாரதி சிங்களத்தில் சொல்ல, உத்தியோகத்தர் எழுதினார். முத்திரை குத்திய பிரதி ஒன்றும் கையில் கிடைத்தது.

வெளியே வந்ததும் பெரியவர் கேட்டிருக்கிறார், "இதுல என்னப்பா போட்டிருக்கு?" சாரதி கடைசி வரியைக் காட்டிச் சொன்னார்: "விசாரணை நடக்குதாம் ஐயா. கெடைச்சா கூப்பிடுவாங்க."

அவர் சொன்னது பிழை இல்லை. வரியில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளி முழுக்கத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தபடி காத்திருந்தார். சனி, ஞாயிறு அலுவலகங்கள் மூடல். ஞாயிறு இரவு அண்ணாவின் மருமகள் யாரோ "ஹைகொமிஷனுக்குப் போனீங்களா?" என்று கேட்டபோதுதான் வீடு முழுக்கக் கலவரமாகி, படம் எனக்கு வந்தது.

படம்

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் ஒரு மணி நேரம் மொழிபெயர்ப்பில் போகவில்லை, படத்தில் போனது.

மேசை விளக்கின் கீழே வைத்து எடுத்த படம். கடதாசி நாலாக மடிக்கப்பட்டிருந்ததால் நடுவில் சிலுவை மாதிரி ஒரு மடிப்பு. இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. பொதுவாக யாருமே இடது ஓரத்தைப் பொருட்படுத்துவதில்லை, எழுத்தெல்லாம் நடுவில்தானே இருக்கிறது என்று நினைப்பார்கள். ஆனால் நிலையத்தில் முறைப்பாடுகளைப் பதியும் தகவற் புத்தகத்திலிருந்து எடுக்கும் பிரதியில் ஓரத்தில் இருப்பவைதான் புத்தகத்துக்குள் அந்தப் பதிவு இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. போதாக்குறைக்கு நிலையத்தின் வட்ட முத்திரை நீல மையில் மேல் வலது மூலையில், எண்ணின் மேலேயே விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 214 ஆகவும் இருக்கலாம், 274 ஆகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஆகவே அண்ணாவிடம் மூன்று விஷயம் கேட்டேன். ஒன்று, விளக்கை அணைத்துவிட்டு, காலையில் ஜன்னலடியில் நாலு மூலையும் தெரியும்படி எடுத்து, படமாக இல்லாமல் கோப்பாக அனுப்புங்கள். இரண்டு, முத்திரை இருக்கும் மூலையை மட்டும் கிட்டப் போய், சற்றுச் சாய்த்து இன்னொரு படம். பேனா மை ஓரளவு பளபளக்கும், முத்திரை மை மங்கலாக இருக்கும், சாய்த்துப் பிடித்தால் இரண்டும் பிரிந்து தெரிய வாய்ப்புண்டு. மூன்று, கடதாசியைத் திருப்பிப் பின்பக்கம். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்று அண்ணா அடித்துச் சொன்னார். இருந்தது. நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை உத்தியோகத்தர் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தார்.

காலைப் படத்தில் 274 என்று தெரிந்தது. தெரிந்தது என்றுதான் சொல்கிறேன், உறுதி என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஊகிப்பது என் வேலை இல்லை. நிலையத்துக்கு அழைத்து, திகதியையும் நேரத்தையும் பக்கத்தையும் சொல்லிக் கேட்டேன். பக்கத்தைச் சொன்னதும் எடுத்துப் பார்த்து, 274 தான் என்றார்கள். அழைப்பு இரண்டு நிமிடம் கூட இல்லை.

நான்கு எண்கள்

பிரதியில் எண் மாதிரி தெரிந்தவை நான்கு. பெரியவர் கணக்கு வாத்தியார் அல்லவா, நான்கையும் தன் குறிப்புப் புத்தகத்தில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஆனால் எது எதற்கு என்று தெரியாமல், மிக நீளமாகவும் அதிகாரபூர்வமாகவும் தெரிந்த ஒன்றைக் குறிப்பு எண் என்று வட்டமிட்டிருந்தார். அதைத் தன் மகளுக்கும் அனுப்பி, அந்த மகள் திருச்சியிலிருந்து பயணக் காப்புறுதிக்காரர்களுக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது.

அந்த ஐந்திலக்க எண், முறைப்பாட்டை எழுதிய கான்ஸ்டபிளின் சேவை இலக்கம். சிங்களத்தில் அதற்கு முன்னால் 'பொ.கொ.' என்று இரண்டு எழுத்துச் சுருக்கம் இருக்கும், பொலிஸ் கொஸ்தாப்பல் என்பதன் சுருக்கம். சார்ஜன்ட் என்றால் 'பொ.செ.' என்று இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இரண்டு வட்ட எழுத்தும் ஒரு நீள எண்ணும் தெரியும், அவ்வளவுதான். நான் பார்த்த பிரதிகளில் மிக அடிக்கடி குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். அந்த எண்ணைச் சொல்லி நிலையத்துக்கு அழைத்தால், "அவர் இன்று கடமையில் இல்லை, நாளை எடுங்கள்" என்று பதில் வரும். அழைத்தவர் தன் கோப்பைப் பார்க்கும் அதிகாரி விடுமுறையில் என்று நினைத்துக்கொள்வார். அப்படி ஒரு கோப்பே இருக்காது.

உண்மையான குறிப்பு எண் பெரியவர் கவனிக்காமல் விட்டது: 118/274. பார்த்தால் ஏதோ பின்னம் மாதிரி இருக்கிறது. முதலாவது தகவற் புத்தகத்தின் பக்கம், இரண்டாவது அந்தப் பதிவின் பந்தி இலக்கம். சிங்களத்தில் பக்கத்துக்கு 'பிட்டுவ', பந்திக்கு 'சேதய'. இந்த இரண்டாவது சொல்லில் ஒரு வேடிக்கை நடந்தது. சாரதி எழுத்துக் கூட்டி வாசித்தபோது பெரியவர் அதைச் சேதம் என்று கேட்டு, "என் பாஸ்போர்ட்டுக்கு ஏதோ சேதமாம்" என்று கவலைப்பட்டிருக்கிறார். வேர் ஒன்றுதான். வெட்டுதல், துண்டாக்குதல் என்ற சமஸ்கிருதச் சொல் சிங்களத்தில் பந்தியாகவும் தமிழில் அழிவாகவும் வந்து நிற்கிறது.

அந்த எண்ணுக்கு முன்னால் 'சீ.ஐ.பி. 2' என்று ஒரு சுருக்கமும் இருந்தது. நிலையத்தில் இருக்கும் தகவற் புத்தகங்களில் எந்தப் புத்தகம் என்பதை அது காட்டுகிறது. ஆகவே முழுக் குறிப்பு என்பது நிலையத்தின் பெயர், புத்தகம், பக்கம், பந்தி, திகதி ஆகிய ஐந்தும் சேர்ந்தது. 118/274 என்று வெறுமனே கொடுத்தால் வேறு நிலையத்தில் அது வேறு யாருடையதோ தொலைந்த சைக்கிளாக இருக்கும். நாடு முழுக்க ஒரே வரிசையில் ஓடும் எண் என்று இந்தியாவிலிருந்து வருபவர்கள் நினைக்கலாம், அப்படி இல்லை.

மூன்றாவது எண் திகதியும் நேரமும். '25.03.06 பெய 1820' என்று எழுதியிருந்தது. இங்கே சிங்கள ஆவணங்களில் ஆண்டுதான் முதலில் வரும், பிறகு மாதம், பிறகு நாள். ஆண்டின் முதல் இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டு எழுதும்போது, நாளை முதலில் எழுதிப் பழகிய ஒருவர் அதை 2006 மார்ச் 25 என்று வாசிப்பார். காப்புறுதிப் படிவத்தில் மகள் அப்படித்தான் வாசித்து, இது ஏதோ பழைய கடதாசி என்று நினைத்து அப்பாவைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். 'பெய' என்பது மணி. மாலை 6.20. மொழிபெயர்ப்பில் நான் இதை 2025 மார்ச் 6, மாலை 6.20 என்று மாதத்தைப் பெயராலேயே எழுதினேன், மூலத்தில் இருந்த வடிவத்தையும் பக்கத்திலேயே அடைப்புக்குள் கொடுத்தேன்.

நான்காவது கடவுச்சீட்டு இலக்கம். அதில்தான் பிரச்சினை பெரிது.

மூலமே பிழையாக இருந்தால்

இந்தியக் கடவுச்சீட்டு இலக்கம் ஒரு ஆங்கில எழுத்தில் தொடங்கி, பின்னால் ஏழு இலக்கம் வரும். பிரதியில் எட்டும் இலக்கமாக இருந்தது, முதலாவது 5. எண்ணிப் பார்த்ததுமே இது பிழை என்று தெரிந்தது. எஸ் என்ற எழுத்தை வேகமாக எழுதினால் 5 ஆகிவிடும், அல்லது சாரதி சொல்லும்போதே பிசகியிருக்கலாம். எங்கே பிசகியது என்பது இப்போது முக்கியமில்லை.

பெரியவரிடம் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். கைபேசியில் இல்லை. திருச்சியில் மகள் பீரோவிலிருந்து ஒளிநகலைத் தேடி எடுத்து அனுப்பினார். எஸ்தான். மற்ற ஏழும் சரி.

இந்த இடத்தில் அண்ணா சொன்னதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லோரும் சொல்வது இதுதான். "தங்கச்சி, நீர் மொழிபெயர்க்கேக்க எஸ் எண்டு சரியாப் போட்டு விடுமன். சிங்களத்தை அங்க ஆர் பாக்கப் போயினம்?"

போட முடியாது. மொழிபெயர்ப்பு மூலத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், மூலத்தில் இருக்க வேண்டியதை அல்ல. என் முத்திரை விழுந்த தாளில் எஸ் என்றும், அதோடு இணைத்த பொலிஸ் பிரதியில் 5 என்றும் இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் அதிகாரி இரண்டையும் சந்தேகிப்பார். இலக்கம்தான் எந்த மொழியிலும் ஒரே மாதிரி இருக்கும், சிங்களம் தெரியாதவர் கூட அந்தப் பக்கத்தில் வாசிக்கக் கூடியது அது ஒன்றுதான். ஆகவே 5 என்றே எழுதி, அடியில் ஒரு குறிப்புப் போட்டேன்: 'மூலத்தில் உள்ளபடி. இந்த இலக்கத்தின் முதல் எழுத்துரு 5 எனத் தெளிவாக எழுதப்பட்டுள்ளது.' இதற்கு மேல் அந்தத் தாளில் நான் சொல்ல உரிமை இல்லை.

திருத்த வேண்டியது நிலையத்தில். ஆனால் தகவற் புத்தகத்தில் ஒருமுறை எழுதிய பதிவை அடித்துத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுத்து, 'முன்னர் 118/274இல் நான் சொன்ன இலக்கத்தின் முதல் எழுத்து எஸ்' என்று பதியச் சொல்வதுதான் வழி. திங்கள் காலை பெரியவர், அண்ணா, நான் மூவரும் போனோம். கடமையில் இருந்தவர் நல்ல மனிதர், ஒளிநகலைப் பார்த்து இருபது நிமிடத்தில் எழுதித் தந்தார். இரண்டாவது பதிவுக்குத் தனிப் பக்கம், தனிப் பந்தி. இப்போது பெரியவரிடம் இரண்டு குறிப்பு எண்கள். இரண்டையும் எப்போதும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று அவருக்கு இரண்டு முறை சொன்னேன். "கேள்வித்தாளும் விடைத்தாளும் மாதிரி, ஒண்ணில்லாம ஒண்ணு செல்லாது" என்றார். வாத்தியார் வாத்தியார்தான்.

இதே வகையில் பெயரும் ஒரு தலையிடி. தமிழ்ப் பெயரைச் சிங்கள உத்தியோகத்தர் காதால் கேட்டு எழுதுகிறார். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு நான் ஒலிபெயர்த்தால் கடவுச்சீட்டில் இல்லாத ஒரு மூன்றாவது எழுத்துக்கூட்டல் பிறக்கும். இதில் மட்டும் நான் கடவுச்சீட்டு நகலில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துகிறேன், அப்படிச் செய்தேன் என்பதையும் குறிப்பில் சொல்லிவிடுகிறேன். எண்ணுக்கு ஒரு நியாயம், பெயருக்கு இன்னொரு நியாயமா என்று கேட்கலாம். எண்ணை மாற்றினால் தகவல் மாறுகிறது. பெயரில் எழுத்துத்தான் மாறுகிறது, ஆள் ஒருவரே.

தொலைந்ததா, திருடு போனதா

முறைப்பாட்டின் உடலில் நாலு வரிதான். பயன்படுத்தியிருந்த சொல் 'அஸ்தானகத'. ஸ்தானம் தமிழருக்கும் தெரிந்த சொல்தான்: இருந்த இடத்தில் இல்லாமல் போனது. திருட்டு என்றால் 'சொரகம' என்று எழுதியிருப்பார். என் தமிழ் இப்படி இருந்தது:

'நான் இன்று பிற்பகல் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு இலக்கம் 100 பேருந்தில் பயணித்தேன். இறங்கிய பின் எனது இந்தியக் கடவுச்சீட்டு இடந்தவறியிருப்பதைக் கண்டேன். இது தொடர்பாக எவர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. புதிய ஆவணம் ஒன்றைப் பெறுவதற்காக இம்முறைப்பாட்டைச் செய்கிறேன்.'

மூன்றாவது வாக்கியத்தைப் பெரியவர் மறந்தே போயிருந்தார். உத்தியோகத்தர் கேட்டிருக்கிறார், சாரதி இல்லை என்று சொல்லியிருக்கிறார், எழுதியாயிற்று. ஆனால் காப்புறுதிப் படிவத்தில் மகள் 'பிக்பாக்கெட்' என்று நிரப்பியிருந்தார். பொய் சொல்லும் எண்ணத்தில் இல்லை, பஸ்ஸில் போனது என்றால் அதுதானே என்று ஊகித்து. பொலிஸ் பதிவில் எவர் மீதும் சந்தேகமில்லை என்றிருக்கும்போது படிவத்தில் திருட்டு என்றிருந்தால் இரண்டும் மோதும். படிவத்தைத் திருத்தச் சொன்னேன். கடதாசியில் உள்ள சொல்லையே எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும், தூதரகத்தில் வாயால் கேட்டாலும் சரி.

கடைசி வரி

மூன்று நாளைத் தின்ற வரி இது. சிங்களத்தில் ஏறக்குறைய, 'இது தொடர்பாக மேலதிக விசாரணைகள் மேற்கொள்ளப்படுகின்றன.' நான் மாற்றாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். ஆனால் அந்த வாக்கியம் பிரதி எழுதுபவரின் கையில் தானாக வரும் முடிவுரை என்பதைப் பெரியவருக்குச் சொல்லாவிட்டால் என் மொழிபெயர்ப்பும் சாரதியுடையதைப் போலவே அவரை ஏமாற்றியிருக்கும். சொல் சரி, புரிதல் பிழை.

இதற்காகத்தான் நான் எப்போதும் இரண்டு தாள் கொடுக்கிறேன். முதல் தாள் மொழிபெயர்ப்பு: வரிக்கு வரி, முத்திரை எங்கே இருக்கிறது, கையொப்பம் எங்கே, எது வாசிக்க முடியவில்லை என்பது உட்பட, என் முத்திரையுடன். அதில் ஆலோசனை ஒரு சொல் கூட இருக்காது. இரண்டாவது தாளில் முத்திரை இல்லை. அது ஆளுக்கு நான் எழுதும் விளக்கம், சாதாரணத் தமிழில். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், வாசிப்பவருக்கு எது பொலிஸ் சொன்னது, எது நான் சொன்னது என்று தெரியாது.

பெரியவருக்கு எழுதிய இரண்டாவது தாளில் நிலைமை பற்றி இப்படி எழுதினேன்: 'ஐயா, இந்தக் கடதாசி சொல்வது ஒன்றே ஒன்று. நீங்கள் மார்ச் 6ஆம் திகதி கடவுச்சீட்டைக் காணவில்லை என்று சொன்னீர்கள், அதைப் பதிந்துகொண்டார்கள். கடவுச்சீட்டு இன்னும் ரத்தாகவில்லை. புதியது தரும்படி யாரும் யாருக்கும் அறிவிக்கவில்லை. இந்தப் பதிவு இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்குத் தானாகப் போகாது. நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். யாரும் உங்களை அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.'

வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வெள்ளிக்கிழமையே போயிருக்கலாமே அம்மா" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

அடுத்து என்ன செய்வது

இந்தியர் ஒருவர் கொழும்பில் கடவுச்சீட்டைத் தொலைத்தால் போக வேண்டிய இடங்கள் இரண்டு, பலருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். காலி வீதியில், கொள்ளுப்பிட்டியில் இருக்கும் இந்திய உயர்ஸ்தானிகராலயம். ஊர் திரும்ப மட்டும் வேண்டுமானால் அங்கே அவசரச் சான்றிதழ் கேட்கலாம். அது கடவுச்சீட்டு அல்ல, இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும் தாள். அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் சுற்றிப் போகிற பயணச்சீட்டில் ஏறிவிட முடியாது. பெரியவருடையது நேரே திருச்சி, அந்தக் கவலை இல்லை. விண்ணப்பத்தோடு பொலிஸ் பிரதி இரண்டும், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பும், கடவுச்சீட்டு ஒளிநகலும், படங்களும், பயணச்சீட்டும் கொண்டுபோனார். ஆங்கிலப் பிரதிக்கு முத்திரை குத்தும்முன் மூலக் கடதாசியை நேரில் வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப் படத்தை வைத்து விளக்கம் சொல்வேன், முத்திரை குத்தமாட்டேன். மடிப்புக்குள் ஒரு சொல் ஒளிந்திருந்தாலும் பொறுப்பு என்னுடையது.

இரண்டாவது இடம் பத்தரமுல்லை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். காரணம் எளிது: அவர் நாட்டுக்குள் வந்ததற்கான முத்திரை தொலைந்த புத்தகத்தில் இருந்தது. கையில் இருக்கப் போகும் புதிய தாளில் இலங்கைக்குள் வந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. விமான நிலையத்தில் போய் நின்று விளக்கம் சொல்வதைவிட முன்கூட்டியே அங்கே ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது. வீசா அனுமதி வந்த மின்னஞ்சலையும், வந்த விமானத்தின் பயணச்சீட்டையும் கூடக் கொண்டுபோகச் சொன்னேன், எந்த நாளில் எந்தக் கடவுச்சீட்டில் உள்ளே வந்தார் என்பதைத் தேட அவை உதவும்.

இங்கே நாட்காட்டி குறுக்கே வந்தது. திங்கள் முழுவதும் நிலையத்திலும் என் மேசையிலும் போனது. செவ்வாய் காலை உயர்ஸ்தானிகராலயம். புதன் பிற்பகல் அவசரச் சான்றிதழ் கைக்கு வந்தது. வியாழன் 13ஆம் திகதி போயா. அன்று அரச அலுவலகம் எதுவும் திறக்காது, விமானம் மட்டும் பறக்கும். பெரியவருக்குப் போயா என்றால் என்னவென்றே தெரியாது. "பௌர்ணமிக்கு லீவா?" என்று வியந்தார். பயணச்சீட்டைச் சனிக்கு மாற்றினார்கள். விமான நிறுவனத்துக்குப் புதிய ஆவண இலக்கத்தையும் கொடுத்து மாற்றச் சொன்னேன், முன்பதிவில் பழைய கடவுச்சீட்டு இலக்கம் இருந்தது. வெள்ளி பத்தரமுல்லை வேலை முடிந்தது. முதல் வெள்ளியை வீணாக்கியிருக்காவிட்டால் வியாழன் விமானத்திலேயே போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

போகும்முன் ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினேன். தொலைந்ததாக உயர்ஸ்தானிகராலயத்தில் சொல்லியாயிற்று, அந்தக் கடவுச்சீட்டு இனி ரத்து. நாளைக்கே கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது, ஒப்படைக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் நடுவில், புத்தாண்டு கழிந்து இரண்டு நாள் இருக்கும், அண்ணாவுக்கு நிலையத்திலிருந்து அழைப்பு. முறைப்பாட்டில் தொடர்பு இலக்கமாக அவருடையதைத்தான் கொடுத்திருந்தார்கள். பஸ் நடத்துநர் ஒருவர் தோல் உறையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், ஆசனத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் செருகிக் கிடந்ததாம். எஸ்ஸில் தொடங்கும் இலக்கத்தைப் பார்த்துப் புத்தகத்தைப் புரட்டியபோது மேலதிக வாக்குமூலம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது, அதிலிருந்து 118/274க்குப் போயிருக்கிறார்கள்.

அண்ணா உடனே திருச்சிக்கு அழைத்தார். கடவுச்சீட்டை உயர்ஸ்தானிகராலயத்தில் ஒப்படைப்பதில் பெரியவருக்கு ஒரு தடையும் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: உறைக்குள்ளே சமயபுரத்து அம்மன் படம் ஒன்று இருந்ததே, அது பத்திரமாக இருக்கிறதா?